நேர்த்திக்கடனை ஒரு வெண்பாவில் முடிப்பது எப்படி: முதல் கணக்கிலிருந்து கடைசிச் சீர் வரை

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் கோயிலுக்கு நடந்தே வந்து, ஒரு பாட்டும் எழுதி வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டிருந்தேன். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஐந்து நாள் நடை. நான்காம் நாள் காலில் கொப்புளம் உடைந்து, ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தூரத்தை ஒரு வண்டியில் கடந்தேன். மற்றதெல்லாம் நடந்ததுதான். சந்நிதிக்கு முந்தின இரவு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு நான் எழுதிய முதல் இரண்டு அடி இது:

கல்லையும் முள்ளையும் காலால் மிதித்துநான்
எல்லையைத் தாண்டிவந்தேன் என்பக்தி சொல்லவோ

வெண்பா இலக்கணப்படி இதில் ஒரு குறையும் இல்லை. தளை தட்டவில்லை, எதுகை இருக்கிறது, மோனைகூட இருக்கிறது. ஆனால் வண்டி எங்கே? கல்லும் முள்ளும் எங்கிருந்து வந்தன? நான் நடந்தது தார் சாலையில். இரண்டு அடிக்குள் ஒரு 'நான்', ஒரு 'என்'. நேர்த்திக்கடனுக்கு எழுதும் பாட்டு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கெடுகிறது. பெருமைச் சொற்கள் எல்லாம் ஏற்கெனவே யாப்புக்கு வாகாகச் செதுக்கி வைத்தவை, கூப்பிட்டவுடன் வந்து உட்கார்ந்துகொள்ளும். நடந்தது நடந்தபடி சொல்வதற்குத்தான் சீர் தேட வேண்டியிருக்கிறது. அதை எப்படித் தேடுவது என்பதை, நான் கடைசியில் எழுதி முடித்த ஒரே ஒரு நேரிசை வெண்பாவை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் உரைநடையில் கணக்கு

பாட்டைத் தொடாதீர்கள். ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன நேர்ந்தேன், என்ன செய்தேன், எதில் குறைந்தேன். நேர்ந்தபோது வாயால் சொன்ன அதே சொற்களை எழுதுவது முக்கியம். 'நடந்து வருகிறேன்' என்று சொல்லியிருந்தால் அதுதான் கடன். 'முடிந்தவரை நடக்கிறேன்' என்று இப்போது மாற்றி எழுதினால் குறையே காணாமல் போய்விடும்.

என் தாளில் இருந்தது: அம்மாவுக்காக நடந்து வருவதாக நேர்ந்தேன். ஐந்து நாளில் வந்து சேர்ந்தேன். நடுவில் ஒரு தூரம் வண்டியில் வந்தேன்.

விரதம் என்றாலும் இதே கணக்குத்தான். எத்தனை நாள், எதை விடுவதாகச் சொன்னேன், எந்த நாள் தவறியது. தவறவே இல்லை என்றால் மூன்றாம் வரியில் குறையை இட்டுக்கட்ட வேண்டாம். அந்த இடத்தில், விரதம் நடக்க யார் துணை நின்றார்கள் என்று எழுதலாம். வீட்டில் இன்னொருவர் சமைத்துப் போட்டுவிட்டுத் தானும் பேசாமல் பட்டினி கிடந்தாலும் அதுவும் கணக்கில் வரும்.

இந்தத் தாளைக் கடைசி வரை தூக்கிப் போடாதீர்கள். பாட்டு முடிந்த பிறகு இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

பணிவு எந்தச் சொல்லில் இருக்கிறது

பணிவாக எழுது என்றால் உடனே 'நாயேன்', 'பாவியேன்', 'கடையேன்' என்று நம் கை போய்விடும். பெரியவர்கள் வாயில் அவை உயிரோடு இருந்த சொற்கள். நாம் எடுத்துப் போடும்போது பல நேரம் வெறும் அலங்காரம். ஒருவன் தன்னை நாய் என்று சொல்லிவிட்டு வண்டியில் வந்ததைச் சொல்லாமல் விட்டால், அதில் பணிவு எங்கே இருக்கிறது?

ஆண்டாள் திருப்பாவையில் செய்திருப்பதைப் பாருங்கள். இரண்டாம் பாட்டில் நெய்யும் பாலும் உண்ண மாட்டோம் என்று நோன்பு தொடங்குகிறது. 27ஆம் பாட்டில் பாற்சோறு மூட நெய் வார்த்து, எல்லாரும் கூடியிருந்து உண்பதோடு அது நிறைவேறுகிறது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அடுத்த பாட்டில், நாங்கள் அறிவொன்றும் இல்லாதவர்கள், அறியாத பிள்ளைகள், அன்பினால் உன்னைச் சிறுபேர் சொல்லி அழைத்துவிட்டோம், அதற்காகக் கோபித்துக்கொள்ளாதே என்று வருகிறது. பொதுவாகப் பாவம் என்று சொல்லிப் போகாமல் இன்ன தவறு என்று பெயர் சொல்லுகிற இடம் அது. சிறுபேர் சொல்லி அழைத்தோம், அவ்வளவுதான். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த 'இன்ன' என்பதைத்தான்.

இதோடு இரண்டு விஷயங்களை விலக்கினால் போதும். ஒன்று, காரணம். 'கால் வலியால் வண்டியில் ஏறினேன்' என்று எழுதிப் பார்த்தேன். உண்மைதான், ஆனால் பாட்டுக்குள் வந்ததும் அது வக்கீல் வாதம் மாதிரி ஒலித்தது. காரணத்தை அடித்தேன். இன்னொன்று, புதுக் கோரிக்கை. என் இரண்டாம் வரைவின் பின்பாதி இப்படி இருந்தது:

வாசலில் நிற்கின்றேன்; தாயைநீ என்றென்றும்
நேசமாய்க் காப்பாய் இனி

படித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய கடனை அடைக்க வந்த இடத்தில் புதுக் கடன் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. வேண்டுதல் வேண்டுமானால் அது வேறு நாள், வேறு பாட்டு.

வெண்பாவுக்குத் தேவையான அளவு இலக்கணம்

ஆசிரியப்பாவிலும் விருத்தத்திலும் எழுதலாம். நான் வெண்பாவைச் சொல்வது அது சின்னது என்பதால். நான்கு அடி, மொத்தம் பதினைந்து சீர். பீற்றிக்கொள்ள இடமே இருக்காது. இலக்கணம் தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

அசை இரண்டே வகை. தனிக்குறிலோ தனிநெடிலோ, அதோடு ஒற்றுச் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், நேர். குறில் இரண்டு சேர்ந்தோ, குறிலும் நெடிலும் சேர்ந்தோ வந்தால், ஒற்றோடும் ஒற்றில்லாமலும், நிரை. 'வந்' நேர், 'நடந்' நிரை. ஐகாரம் சொல்லின் நடுவிலும் கடைசியிலும் குறிலாகவே கணக்கு.

இரண்டு அசை சேர்ந்த சீர் நேரில் முடிந்தால் மாச்சீர், நிரையில் முடிந்தால் விளச்சீர். மூன்று அசை சேர்ந்து நேரில் முடிந்தால் காய்ச்சீர். வெண்பாவில் இந்த மூன்றுக்கும்தான் இடம். மூன்றசை நிரையில் முடியும் கனிச்சீரும், நான்கு அசைச் சீரும் வரக்கூடாது.

அப்புறம் தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறை. மாச்சீருக்குப் பின் நிரை வர வேண்டும். விளத்துக்குப் பின்னும் காய்க்குப் பின்னும் நேர் வர வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், மா வந்தால் மட்டும் நிரை, மற்ற எல்லாவற்றுக்கும் நேர். இது அடி விட்டு அடி தாண்டும்போதும் பொருந்தும். கடைசி அடியில் மூன்றே சீர். கடைசிச் சீர் 'நாள், மலர், காசு, பிறப்பு' என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக இருக்க வேண்டும். நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் நான்காம் சீர் தனிச்சொல். அது முதல் இரண்டு அடிகளின் எதுகையோடு, அதாவது இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதோடு, ஒத்துப் போக வேண்டும்.

பேச்சில் வரும் சொற்கள் எங்கே இடிக்கும்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, எழுத உட்கார்ந்தால்தான் தெரியும். நடைப்பயணம் பற்றிய மிக இயல்பான தொடர் 'நடந்து வந்தேன்'. இது இரண்டு சீராக வெண்பாவுக்குள் வராது. 'நடந்து' மாச்சீர், அடுத்து நிரை வேண்டும், 'வந்தேன்' நேரில் தொடங்குகிறது. சேர்த்து 'நடந்துவந்தேன்' என்று ஒரே சீராக்கினால் மூன்று அசைக் காய்ச்சீர். அப்படி என்றால் வரும். 'நன்றி சொன்னேன்' அதே கதி. 'நோன்பு நோற்றேன்' அதே கதி.

வேறு வழிகளும் உண்டு. 'நன்றி உரைத்தேன்' வரும், ஏனென்றால் 'உரைத்' நிரை. 'நோன்பிருந்தேன்' ஒரே காய்ச்சீராக வரும். 'விரதம் இருந்தேன்' அப்படியே வரும். நடப்பதற்கு 'நடந்தேன்' என்று தனியாக நிறுத்தி அடுத்த சீரை நிரையில் தொடங்கலாம், அல்லது 'நடப்பதாய்' என்று விளச்சீராக்கலாம்.

இங்கேதான் பணிவுக்கு ஒரு சோதனை வருகிறது. சீர் இடிக்கும்போது சொல்லை மாற்றுவதற்குப் பதில் விஷயத்தையே மாற்றத் தோன்றும். 'ஒருநாள் தப்பியது' பொருந்தவில்லை, 'ஒருநாளும் தப்பவில்லை' பொருந்துகிறது என்றால் கை அங்கே போகும். சொற்களின் வரிசையை மாற்றுங்கள், வேற்றுமை உருபை மாற்றுங்கள், ஒருபொருட்சொல் தேடுங்கள். தாளில் எழுதிய கணக்கை மட்டும் மாற்றாதீர்கள்.

பெயரிலிருந்து தொடங்குங்கள்

யாரை விளித்து எழுதுகிறீர்களோ அந்தப் பெயரைத் தனிச்சொல்லில் வைப்பது வெண்பாவுக்கு அழகு. அப்படி வைக்கப் போகிறீர்கள் என்றால் முதல் அடியை எழுதும் முன்பே பெயரை முடிவு செய்துவிடுங்கள். பெயரின் இரண்டாம் எழுத்துத்தான் முதல் இரண்டு அடிகளுக்கும் எதுகை. நான் எடுத்துக்கொண்டது 'கடவுளே'. இரண்டாம் எழுத்து ட. அதற்கு 'நடந்து, இடையில், உடல், கடன், அடி' என்று என் கணக்குக்கு வேண்டிய சொற்களே கிடைத்தன. ட, டை என்று உயிர் மாறினாலும் மெய் ஒன்றாக இருந்தால் வருக்க எதுகை என்று ஏற்றுக்கொள்வார்கள்.

'முருகா' என்றால் 'வருவேன், ஒருநாள், தருவாய், இருந்து' என்ற குடும்பம். 'அம்மா' என்றால் 'சும்மா, நம்மை, இம்மை'. விரதத்துக்கு 'கண்ணா' மிக வாகு, 'உண்ணா' எதுகையாகக் கிடைக்கிறது. நாலடி வேண்டாம், இரண்டடி போதும் என்பவருக்கு அதை வைத்து ஒரு குறள் வெண்பா:

உண்ணாமல் காத்தநாள் ஓர்நாள் தவறியது
கண்ணா அறிவாய்நீ காண்

கடைசியில் வரும் 'காண்' வெறும் அசைச்சொல், இட்டு நிரப்பியதுதான். பெரிய புலவர்களும் நிரப்பியிருக்கிறார்கள், ஒன்று இருந்தால் பரவாயில்லை. 'ஓர்நாள்' என்பது உரைநடையில் 'ஒருநாள்' ஆக வேண்டியது. செய்யுளில் விடுவார்கள்.

முடித்த பாட்டில் பின்னால் போய்ப் பெயரை மட்டும் மாற்றினால் எல்லாம் சரியும். என் வெண்பாவில் 'கடவுளே' என்பதை எடுத்துவிட்டு 'முருகா' என்று போட்டால் எதுகை போய்விடும். அது மட்டும் இல்லை, 'கடவுளே' விளச்சீர், அடுத்த அடி நேரில் தொடங்கலாம். 'முருகா' மாச்சீர், அடுத்த அடி நிரையில்தான் தொடங்க வேண்டும். 'வாசலில்' என்று தொடங்கும் மூன்றாம் அடி உடனே தட்டும்.

அடி அடியாக

முதலடிக்கு நேர்ந்தது. 'அம்மாவுக்காக நடந்து வருவதாக நேர்ந்தேன்' என்பதிலிருந்து 'நடப்பதாய்', 'தாய்க்காக', 'நேர்ந்தேன்' மூன்றும் வேண்டும். 'நடப்பதாய்' விளம், அடுத்து நேர். 'தாய்க்காக' நேரில் தொடங்குகிறது, காய்ச்சீர். அடுத்து மறுபடி நேர் வேண்டும்: 'நான்நேர்ந்தேன்', இதுவும் காய்ச்சீர். முதல் சீரோடு மூன்றாம் சீருக்கு ந, நா என்று மோனையும் கிடைத்துவிட்டது. நான்காம் சீருக்கு நேரில் தொடங்கும் ஒரு மாச்சீர் வேண்டும், ஏனென்றால் அடுத்த அடி 'இடையில்' என்று நிரையில் தொடங்கப் போகிறது. இங்கே 'ஆனால்' வந்தது. இந்தச் சொல் கிடைத்ததும்தான் எனக்குப் பாட்டு பிடிபட்டது. முதலடியிலேயே குறை வரப் போகிறது என்று சொல்லிவிடுகிறதே.

இரண்டாம் அடி, வண்டி. 'இடையிலோர் வண்டியில் வந்தேன்' என்று முதலில் எழுதினேன். தளை சரி, முதல் சீரோடு மோனை இல்லை. 'ஏறி' என்று மாற்றினேன். இகரத்துக்கு ஏகாரம் மோனை ஆகும், 'ஏறி' மாச்சீர், அடுத்து நிரையில் தொடங்கும் 'கடவுளே' சரியாக உட்கார்ந்தது. 'ஏறி' முற்றுப் பெறாத வினை என்பதால் வாக்கியம் மூன்றாம் அடிக்கு இழுத்துக்கொண்டு போகிறது. கடவுளைக் கூப்பிடும் இடம் வண்டியில் ஏறின இடத்திலேயே அமைந்தது நான் திட்டமிட்டதல்ல.

மூன்றாம் அடியில் 'வாசலில் நிற்கின்றேன்' முன்பே இருந்தது. புதுக் கோரிக்கையை அடித்த இடத்தில் 'வாக்கில் குறைந்ததை' வந்தது. 'வாக்கில்' மாச்சீர், 'குறைந்' நிரை, சரி. 'வாக்குத் தவறினேன்' என்றும் எழுதியிருக்கலாம். ஆனால் நான் முழுக்கத் தவறவில்லை, கொஞ்சம் குறைந்தது. குறையைக் குறைத்துச் சொல்வது எவ்வளவு தப்போ, ஊதிச் சொல்வதும் அவ்வளவு தப்பு.

நான்காம் அடிக்கு 'வாசலில்' என்பதற்கு எதுகையாகச் சகர வருக்கம் வேண்டும். பேச, ஆசை, தூசு என்று தேடி 'கூசியே'யில் நின்றேன். கடைசிச் சீர் 'பொறு', ஒரே நிரை, 'மலர்' வாய்பாடு. முழுப் பாட்டு:

நடப்பதாய்த் தாய்க்காக நான்நேர்ந்தேன், ஆனால்
இடையிலோர் வண்டியில் ஏறி — கடவுளே!
வாசலில் நிற்கின்றேன், வாக்கில் குறைந்ததைக்
கூசியே சொன்னேன் பொறு

முதலிரண்டு அடிக்கு ஓர் எதுகை, பின்னிரண்டுக்கு இன்னோர் எதுகை, எனவே இருவிகற்ப நேரிசை வெண்பா. 'கூசியே'யில் ஏகாரம் சும்மா நிற்கிறது என்று எனக்குத் தெரியும். 'கூசிநான்' என்றும் போடலாம், அதுவும் விளம்தான். இன்னொரு 'நான்' வேண்டாம் என்று ஏகாரத்தையே வைத்துக்கொண்டேன்.

சரிபார்ப்பது

தளையைக் கையால் ஒருமுறை, வாயால் ஒருமுறை சரிபாருங்கள். அலகிடத் தயக்கமாக இருந்தால் இணையத்தில் அவலோகிதம் என்ற யாப்பு மென்பொருள் இருக்கிறது. பாட்டை உள்ளிட்டால் அசை, சீர், தளை பிரித்துக் காட்டும். என் முதல் இரண்டு அடிகளான கல்லும் முள்ளும்கூட எந்தத் தளைச் சோதனையிலும் தேறிவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற சோதனைக்கு அந்தப் பழைய தாள். பாட்டையும் தாளையும் பக்கத்தில் வைத்து, நேர்ந்தது, செய்தது, குறைந்தது மூன்றும் பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். தாளில் இல்லாத ஏதாவது பாட்டுக்குள் புகுந்திருக்கிறதா என்றும் பாருங்கள், பெரும்பாலும் புகுந்திருக்கும். 'நான், என், எனது' எத்தனை என்று எண்ணுங்கள். நாலடிக்கு ஒன்று போதும். பிறகு உங்கள் கூட நடந்த ஒருவரிடமோ, விரதத்தின்போது வீட்டில் இருந்த ஒருவரிடமோ படித்துக் காட்டுங்கள். எங்கே சிரிக்கிறார்கள் என்று கவனியுங்கள். கல்லும் முள்ளும் அடியைக் கேட்டுவிட்டு என் கூட வந்தவர், "அந்த வண்டிக்காரர் பேரை மறந்துட்டீங்களே" என்றார்.

விரதம் என்றால் பாட்டை முடித்துச் சொல்லிவிட்டு அப்புறம் சாப்பிடுங்கள். சாப்பிட்ட பிறகு எழுதினால் குறைகள் எல்லாம் சின்னதாகத் தெரியும். யாத்திரை என்றால் கடைசி நாளுக்கு முந்தின இரவே எழுதி முடித்திருப்பது நல்லது. சந்நிதிக் கூட்டத்தில் எதுகை தேட முடியாது. நான் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். என் முறை வந்தபோது எடுக்க நேரமில்லை. நாலடிதானே, மனப்பாடமாகவே இருந்தது. 'ஆனால்' வரை வந்ததும் குரல் சற்று இறங்கியது, மீதியை முணுமுணுத்துவிட்டு நகர்ந்தேன்.